ஒரு விரற்கடை நுரை

எஸ்பிரசோ மார்ட்டினி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அதைக் குடிக்க வேண்டியதில்லை. கோப்பையின் மேல் வழக்கமாக வைக்கும் மூன்று காபிக் கொட்டைகளைப் பார்த்தால் போதும். அவை ஒரு விரற்கடை உயரமுள்ள பழுப்பு நுரையின் மேல், நனையாமல், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்து போயிருந்தாலோ, கறுப்புத் திரவத்தில் பாதி முங்கிக் கிடந்தாலோ எங்கோ ஒரு படி தவறியிருக்கிறது. பெரும்பாலும் அந்தத் தவறு இரண்டில் ஒன்றாக இருக்கும். காபி பழசு, அல்லது குலுக்கியது போதவில்லை.

இந்தக் கலவையை உருவாக்கியவர் லண்டனின் டிக் பிராட்செல். 1980களில் சோஹோ பகுதியின் மதுக்கூடங்களில் பெயர் பெற்றவர், 2016-ல் காலமானார். ஓர் இளம் மாடல் அழகி அவரிடம் வந்து, தன்னை முதலில் விழிக்கவைத்து அப்புறம் கவிழ்த்துவிடும்படியான ஒன்றைக் கேட்டாள் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. அவள் கேட்ட மொழி இதைவிடக் கரடுமுரடானது. அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே எஸ்பிரசோ எந்திரம் இருந்தது. காபித்தூள் கையிலும் மேடையிலும் அப்பிக்கொண்டிருந்த காலம். வோட்காவில் அப்போதே இறக்கிய எஸ்பிரசோவையும் காபி மதுச்சாறையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்துக் குலுக்கிக் கொடுத்தார். முதலில் அதற்கு வோட்கா எஸ்பிரசோ என்றுதான் பெயர். 1990களில் கூம்புக் கோப்பையில் ஊற்றும் எதற்கும் மார்ட்டினி என்று பெயர் வைக்கும் மோகம் வந்தபோது இதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான மார்ட்டினியில் இருக்கும் ஜின்னோ வெர்முத்தோ இதில் ஒரு சொட்டும் கிடையாது.

எந்திரம் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காபி இறங்கியதற்கும் குலுக்கியதற்கும் நடுவே சில விநாடிகள்தான் இருந்திருக்கும். அந்த இடைவெளி நீள நீள நுரைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு முன், எஸ்பிரசோவின் மேல் தானாகவே வரும் நுரையைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கிரீமா என்கிறார்கள்.

காபிக் கொட்டையை வறுக்கும்போது அதற்குள் கரியமில வாயு உண்டாகிறது. அதில் ஒரு பகுதி கொட்டையின் நுண்ணறைகளில் சிக்கிக்கொள்கிறது. பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியேறும். எஸ்பிரசோ எந்திரம் 90 டிகிரிக்கு மேல் சூடான நீரை, காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தத்தில், நைசாக அரைத்த தூளுக்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் கரியமில வாயு நீரில் கரைந்துவிடுகிறது. கோப்பையில் விழும்போது அழுத்தம் சட்டென்று குறைய, கரைந்த வாயு கோடிக்கணக்கான குமிழிகளாக வெளியே வருகிறது. 1948-ல் மிலானின் அகில்லே காஜியா நெம்புகோல் எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த நுரை காபிக் கடைகளில் பரவலாகத் தெரிந்தது. அந்த எந்திரத்தை வைத்து 1953-ல் லண்டனின் ஃப்ரித் தெருவில் மோகா பார் திறந்தார்கள். பிராட்செல் பிற்பாடு வேலை பார்த்த சோஹோவுக்குள்தான் அதுவும் இருந்தது.

குமிழி உண்டாவது ஒரு விஷயம், நிற்பது வேறு விஷயம். சோடாவிலும் கரியமில வாயுதான் குமிழியிடுகிறது, ஆனால் நுரை நிற்பதில்லை. காபியில் நிற்கக் காரணம் அதில் கரைந்திருக்கும் புரதங்கள், சில பெரிய சர்க்கரை மூலக்கூறுகள், வறுக்கும்போது உண்டாகும் மெலனாய்டின் எனப்படும் பழுப்புப் பொருட்கள். புரதமும் மெலனாய்டினும் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் நீரை விட்டு விலகப் பார்க்கும். அதனால் குமிழியின் சுவரில் போய் உட்கார்ந்து அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பெரிய சர்க்கரை மூலக்கூறுகள் குமிழிகளுக்கு நடுவே உள்ள நீரைக் கெட்டியாக்கி வடியவிடாமல் பார்த்துக்கொள்கின்றன.

இங்கேதான் பலரும் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். எஸ்பிரசோவின் மேல் இருந்த கிரீமாதான் அப்படியே மார்ட்டினியின் மேலும் வந்து உட்காருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிரீமா குலுக்கும் பாத்திரத்தின் முதல் இரண்டு அடியிலேயே சிதைந்துபோகிறது. கடைசியில் கோப்பையில் நிற்பது குலுக்கும்போது உள்ளே இழுக்கப்பட்ட காற்றால் புதிதாகக் கட்டப்பட்ட நுரை. காபி அதற்குத் தருவது முக்கியமாகக் குமிழிச் சுவருக்கான சாமான். கூடவே, இன்னும் கரைந்து கிடக்கும் கொஞ்சம் கரியமில வாயு.

இதற்குச் சான்று கிரேக்கத்தில் இருக்கிறது. 1957-ல் தெசலோனிகி வர்த்தகக் கண்காட்சியில், வெந்நீர் கிடைக்காத நேரத்தில், நெஸ்லே சார்பில் வந்திருந்த டிமிட்ரிஸ் வகோந்தியோஸ் உடனடிக் காபித்தூளைக் குளிர்ந்த நீரில் போட்டுக் குலுக்கினார். அந்த நாட்டின் கோடைக்காலப் பானமாகிவிட்ட ஃப்ராப்பே இப்படித்தான் பிறந்தது. உடனடிக் காபித்தூளில் கிரீமா ஏது? அழுத்தம் ஏது? ஆனாலும் கரண்டி நிற்கும் அளவுக்கு நுரை வருகிறது. கரையும் பொருள் ஏராளமாகவும் எண்ணெய் மிகக் குறைவாகவும் இருப்பதுதான் காரணம். எண்ணெய் நுரைக்கு எதிரி. குமிழிச் சுவரில் ஒரு துளி எண்ணெய் பரவினால் அந்த இடத்தில் சுவர் மெலிந்து உடையும்.

காற்றால் கட்டிய நுரை கிரீமாவைவிட அதிக நேரம் நிற்கும் என்பது முதலில் கேட்க விநோதமாகப் படலாம். நுரையில் சின்னக் குமிழிகளுக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிகளுக்குள் குறைவு. அதனால் சின்னதன் வாயு இடையிலுள்ள நீரில் கரைந்து பெரியதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். சின்னது மறையும், பெரியது பெருக்கும், நுரை முரடாகும். இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது அந்த வாயு நீரில் எவ்வளவு கரையும் என்பதைப் பொறுத்தது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனைவிடக் கரியமில வாயு நீரில் ஐம்பது மடங்குக்கும் அதிகமாகக் கரையும். ஆகவே கரியமில வாயுவால் ஆன கிரீமா சில நிமிடங்களில் திட்டுத்திட்டாகப் பிரிந்துபோகிறது. காற்று நுரை அதைவிடப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் நெரியும் மதுக்கூடங்களில் இந்தக் கலவையை நைட்ரஜன் ஏற்றிய உருளையில் அடைத்து, குழாயைத் திறந்து ஊற்றுவதும் இதே காரணத்தால்தான். நுரை அழகாக வருகிறது, மறுக்கவில்லை. காபி வாசனை மட்டும் நேற்றையதாக இருக்கும்.

நுரை காற்றினுடையது என்றால் காபி புதிதாக இருந்தால் என்ன, பழசாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். புதுமை என்பதற்கு இங்கே இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கொட்டையின் புதுமை. வறுத்து ஒரு வாரம் முதல் மூன்று, நான்கு வாரம் வரை நல்ல காலம். வறுத்த மறுநாளே பயன்படுத்தினால் வாயு மிதமிஞ்சி, நீர் தூளுக்குள் சீராகப் போகாமல், காபி புளித்தும் நீர்த்தும் இறங்கும். மாதக்கணக்கில் கிடந்த கொட்டையில் வாயு இருக்காது, எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து கெட்டிருக்கும். அரைத்த தூளோ சில மணி நேரத்துக்குள் தன் வாயுவில் பெரும்பகுதியை விட்டுவிடும். பொட்டலத் தூளில் இறக்கிய எஸ்பிரசோவின் மேல் வெளிறிய மெல்லிய வளையம் மட்டும் வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தால் அதுதான் அடையாளம்.

இரண்டாவது, இறக்கிய காபியின் புதுமை. இப்போதுதான் இறங்கிய எஸ்பிரசோவுக்குள் கரைந்த வாயு இன்னும் மிச்சம் இருக்கும். குலுக்கும்போது அது வெளிவந்து ஆயிரக்கணக்கான நுண்குமிழிகளுக்குத் தொடக்கம் தருகிறது. இறக்கும்போது அழுத்தத்தால் நுண்துளிகளாகச் சிதறிய எண்ணெயும் இன்னும் சிதறியே இருக்கும். கால் மணி நேரம் விட்டால் வாயு போய்விடும், எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர ஆரம்பிக்கும், வாசனையும் மங்கும். பழைய எஸ்பிரசோவிலும் நுரை வராமல் போகாது. வரும் நுரை மெல்லிசாக இருக்கும், சீக்கிரம் உடையும்.

அடர்த்திக்கு வருவோம். காகித வடிகட்டியில் இறக்கிய காபியில் 100 கிராமுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிராம்தான் கரைந்த பொருள் இருக்கும். எஸ்பிரசோவில் அது 8 முதல் 10 கிராம். அந்த எஸ்பிரசோவும் வோட்காவாலும் பனிக்கட்டி உருகிய நீராலும் ஐந்தாறு மடங்கு நீர்த்துப்போகப் போகிறது. தொடக்கத்திலேயே நீர்த்த காபியைப் போட்டால் குமிழிச் சுவருக்குச் சாமானே மிஞ்சாது. போதாததற்கு ஆல்கஹால் வேறு குறுக்கே நிற்கிறது. அதுவும் குமிழிச் சுவருக்கு ஓடிப்போய் இடம் பிடிக்கும், ஆனால் சுவரைத் தாங்காது. புரதத்தை அங்கிருந்து தள்ளிவிடும். இந்தப் போட்டியில் காபி ஜெயிக்க அடர்த்தி ஒன்றே வழி. 18 கிராம் தூளில் 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் இறங்கினால் நல்ல அளவு. இன்னொரு கோப்பைக்கும் வேண்டும் என்று அதே தூளில் நீரை மேலும் விட்டால் நிறம் கிடைக்கும், நுரை கிடைக்காது.

கொட்டையின் இனமும் பேசும். அராபிகாவில் எண்ணெய் சுமார் 15 விழுக்காடு, ரோபஸ்டாவில் 10 விழுக்காடு அளவில். இத்தாலியக் கலவைகளில் கொஞ்சம் ரோபஸ்டா சேர்ப்பது கெட்டியான கிரீமாவுக்காகவும்தான். நம் நாட்டில் விளைவதில் பெரும்பகுதி ரோபஸ்டா. அதை நிறைய வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் இருக்கிறது. ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு கோப்பைக்காவது மனதை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கோப்பையைக் கணக்கோடு செய்து பார்ப்போம். உலக மதுக்கலவையாளர் சங்கத்தின் அளவு இது: வோட்கா 50 மில்லி, கலுவா என்ற காபி மதுச்சாறு 30 மில்லி, சர்க்கரைப் பாகு 10 மில்லி, அடர்த்தியான எஸ்பிரசோ ஒன்று. எஸ்பிரசோவை 30 மில்லி என்று வைத்துக்கொள்வோம்.

சூடான காபியைப் பனிக்கட்டியில் ஊற்றினால் கலவை தண்ணீராகிவிடாதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. கோப்பையில் இறங்கிய எஸ்பிரசோ 70 டிகிரி என்று கொண்டால், 30 கிராமை பூஜ்யத்துக்குக் கொண்டுவர 2,100 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கலோரியை உறிஞ்சும். ஆக 26 கிராம் பனிக்கட்டி உருகும். அதே காபியை ஆறவிட்டு 25 டிகிரிக்கு வந்தபின் ஊற்றினால் ஒன்பது கிராம்தான் உருகும். வித்தியாசம் 17 கிராம், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். 120 மில்லிக் கலவையில் இது நாக்குக்குத் தெரியும் அளவுதான்.

ஆறவிட்டால் வாயு போகும், ஆறவிடாவிட்டால் நீர் சேரும். முதலில் வோட்காவை ஊற்றி அதன் மேல் காபியை இறக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதனால் பனிக்கட்டிக்குத் திடீர் அதிர்ச்சி குறையும், அவ்வளவுதான். மொத்த வெப்பம் கலவைக்குள்ளேயேதான் இருக்கிறது, பனிக்கட்டி அதை உறிஞ்சித்தான் ஆக வேண்டும். வழி வோட்கா பாட்டிலில் இருக்கிறது. அதை உறைபெட்டியில் வைத்தால் மைனஸ் 18 டிகிரியிலும் உறையாது. அப்படிக் குளிர்ந்த 50 மில்லி, அறை வெப்பத்தில் இருக்கும் வோட்காவோடு ஒப்பிட்டால், 20 கிராமுக்கு மேல் பனிக்கட்டியை உருகாமல் காப்பாற்றும். சூடான காபி கேட்கும் 17 கிராம் கடனை அது அடைத்துவிடுகிறது. காபியை அடுப்பங்கரையில் ஆறவைத்துக் காத்திருப்பதைவிட இதுவே சிறந்த வழி என்பேன்.

எஸ்பிரசோ இறங்கியதும் எல்லாவற்றையும் குலுக்கும் பாத்திரத்தில் ஊற்றி, பெரிய கெட்டியான பனிக்கட்டிகளால் அதை நிரப்ப வேண்டும். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த, மேற்பரப்பு காய்ந்த கட்டிகளாக இருக்கட்டும். ஈரமாய் வழுக்கும் கட்டி தன்மேல் ஒட்டிய நீரையும் கொண்டுவரும். மூடியை இறுக்கி, 12 முதல் 15 விநாடி, தோளிலிருந்து கை முழுதும் வேலை செய்யும்படி முன்னும் பின்னும் அடிக்க வேண்டும்.

இந்த அடி ஏன் பலமாக இருக்க வேண்டும்? பனிக்கட்டிகள் பாத்திரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பாயும்போது காற்றைத் திரவத்துக்குள் இழுக்கின்றன. மோர் கடையும் மத்தைப்போல, உள்ளே வந்த பெரிய குமிழியைக் கிழித்துக் கிழித்துச் சின்னதாக்குகின்றன. குமிழியின் விட்டம் பாதியானால் அது மேலே ஏறும் வேகம் கால்வாசியாகும். நுரையின் இடுக்குகளில் நீர் வடிவதும் அவ்வாறே மந்தமாகிறது. மெதுவாக ஆட்டினால் கலவை குளிரும், கலக்கும். ஆனால் குமிழிகள் பெரிதாகவே நின்று, சோப்பு நீரின் மேல் வருவதுபோல் கண்ணுக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் நடுவில் ஓட்டை விழும். குளிரும் இதில் துணை செய்கிறது. பூஜ்ய டிகிரியில் தண்ணீரின் பிசுக்கு 25 டிகிரியில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. சர்க்கரைப் பாகு அதை இன்னும் கூட்டுகிறது. இனிப்பு பிடிக்காதென்று பாகையும் மதுச்சாறையும் குறைப்பவர்களின் கோப்பையில் நுரை இளைத்துப்போவது இதனால்தான்.

பனிக்கட்டி போடாமல் முதலில் ஒருமுறை குலுக்குவது முட்டை வெள்ளைக்கரு சேரும் கலவைகளில் வழக்கம். சூடான எஸ்பிரசோவோடு அதைச் செய்யாதீர்கள். உள்ளே காற்று விரிந்து, காபியின் வாயுவும் வெளிவந்து, மூடியைத் தெறிக்கவைக்கும்.

குலுக்கி முடித்தால் காத்திருக்கக் கூடாது. குளிர்ந்த கோப்பையில் உடனே வடிகட்டி ஊற்றிவிட வேண்டும். நுண்வடிகட்டி ஒன்றைக் குறுக்கே பிடிப்பது நல்லது. பனித்துணுக்குகள் நுரையின் மேல் விழுந்து உருகினால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பாத்திரத்தைக் கவிழ்த்து ஓர் உதறு உதறுங்கள். கடைசியில் வருவதுதான் அதிகம் நுரைத்த பகுதி, அதை உள்ளேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஊற்றியதும் கோப்பை முழுக்க ஒரே வெளிர்பழுப்பாக இருக்கும். பிறகு அடியிலிருந்து கறுப்பு மெல்ல ஏறி, அரை நிமிடத்தில் மேலே நுரையும் கீழே காபியுமாகப் பிரியும். நுரையின் மேற்பரப்பு பளபளக்காமல், குமிழி தெரியாமல், மங்கலாக இருந்தால் வேலை சரி. கொட்டைகளை இந்தப் பிரிவு முடிந்தபின் வையுங்கள்.

பாலாடை சேர்ந்த மதுச்சாறைக் கலுவாவுக்குப் பதில் ஊற்றுவது இப்போது பரவலாகியிருக்கிறது. பால் கொழுப்பும் எண்ணெய்தான். சுவை வழவழப்பாகும், நுரையில் அந்த நெருக்கம் இருக்காது.

நம் வீட்டு டிகாக்‌ஷனில் இது வருமா? பித்தளை வடிகட்டியில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் அடர்த்தியானதுதான். ஆனால் அது தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குவது. அழுத்தம் இல்லாததால் வாயு கரைந்து வருவதில்லை. மீட்டர் காபியின் மேல் நாம் பார்க்கும் நுரை பால் புரதம் கட்டும் நுரை, அதை இங்கே கணக்கில் எடுக்கக் கூடாது. அப்போதே இறங்கிய முதல் டிகாக்‌ஷனைப் பனிக்கட்டியோடு பலமாகக் குலுக்கினால் நுரை வரும், எஸ்பிரசோவின் நெருக்கம் இருக்காது. இரண்டாவது டிகாக்‌ஷனை இதற்கு எடுக்க வேண்டாம்.

மது தொடாதவர்களுக்கு இத்தாலியர்கள் ஷேகெராத்தோ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எஸ்பிரசோ, சர்க்கரை, பனிக்கட்டி, இவ்வளவுதான். குலுக்கும் முறை அதேதான். சர்க்கரையைச் சூடான காபியில் முதலிலேயே கரைத்துவிட வேண்டும், பனிக்கட்டி விழுந்தபின் கரையாது. புரதத்தைத் தள்ளிவிட ஆல்கஹால் இல்லாததால் இதன் நுரை மார்ட்டினியின் நுரையைவிட உயரமாகவே எழும்பும். காபி புதிதா, கை பலமாகக் குலுக்கியதா என்று சோதித்துப் பார்க்க இதுவே போதும். மூடி இறுகக்கூடிய எந்த எஃகு டப்பாவிலும் செய்யலாம்.